விரல் நுனி பருத்து நகம் வளைகிறதா? நுரையீரல் தரும் எச்சரிக்கையாக இருக்கலாம்: ‘கிளப்பிங்’ எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது?

புதுடெல்லி: மார்பு நோய் சிகிச்சைப் பிரிவுக்குள் நுழையும் நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைப்பதற்கு முன்பே, மருத்துவர் அவரது கைகளை நீட்டச் சொல்லி விரல் நகங்களைப் பக்கவாட்டில் பார்ப்பது வழக்கம். ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையில் அவர் தேடுவது, ‘கிளப்பிங்’ எனப்படும் விரல் நுனிப் பருத்தலை. விரல்களின் நுனி முரசு கொட்டும் குச்சியின் முனையைப் போல உருண்டு, நகம் கிளிமூக்கு போல வளைந்துவிடும் நிலை இது.

வலி இல்லாமல் மெதுவாக வருவதால், பெரும்பாலானோர் இதைக் கவனிப்பதே இல்லை. கவனித்தவர்களும் வயதின் அடையாளம் என்றோ, உழைத்த கை என்றோ விட்டுவிடுகின்றனர். நீண்ட காலமாகப் புகைபிடிப்பவர்களிடம் வேறொரு தவறும் நேர்கிறது. ‘எனக்கு ஏற்கெனவே சளித் தொல்லையும் மூச்சிரைப்பும் உண்டு, அதனால்தான் விரலும் இப்படி ஆகிவிட்டது’ என்று அவர்கள் நினைத்துக்கொள்கின்றனர். மருத்துவ ரீதியாக இந்த எண்ணம் சரியல்ல. புகைப்பழக்கத்தால் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ (சிஓபிடி), ஆஸ்துமாவோ தனியாக விரல் நுனியைப் பருக்கச் செய்வதில்லை. அந்த நோயாளிகளின் விரல்கள் மாறினால், நெஞ்சுக்குள் வேறு ஏதோ நடக்கிறது என்றே கருத வேண்டும்.

எந்த மார்பு நோய்களில் கிளப்பிங் வருகிறது, எவற்றில் வருவதில்லை, அதை எப்படி உறுதி செய்வது, அதன்பின் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்தத் தொகுப்பில் காணலாம்.

கிளப்பிங் என்றால் என்ன?

நம் விரலைப் பக்கவாட்டில் பார்த்தால், நகம் தொடங்கும் இடத்தில் தோலுக்கும் நகத்துக்கும் இடையே சிறிய பள்ளம் போன்ற கோணம் தெரியும். இயல்பான விரலில் இந்தக் கோணம் சுமார் 160 டிகிரி. கிளப்பிங் ஏற்படும்போது நகத்துக்கு அடியில் உள்ள மென்மையான திசு தடித்து, அந்தப் பள்ளத்தை மெல்ல மெல்ல நிரப்பிவிடுகிறது. கோணம் 180 டிகிரியைத் தாண்டினால், அதாவது பள்ளம் மறைந்து நகத்தின் அடி மேடாகத் தெரிந்தால், அது கிளப்பிங் என்று உறுதியாகிறது.

மாற்றம் படிப்படியாகவே நிகழும். முதலில் நகத்தின் அடிப்பகுதி பஞ்சு போல மென்மையாகிறது. அழுத்தினால் நகம் மிதப்பது போன்ற உணர்வு கிடைக்கும். அடுத்து கோணம் மறைகிறது. பிறகு நகம் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வளைகிறது. கடைசியாக விரல் நுனி முழுவதும் உருண்டு பருக்கிறது. பொதுவாகப் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் முதலில் தொடங்கி, பின்னர் மற்ற விரல்களுக்குப் பரவும். கால் விரல்களிலும் காணப்படலாம். இந்த மாற்றத்துக்கு மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். எனினும் நுரையீரலில் சீழ்க்கட்டி உருவானவர்களிடம் சில வாரங்களிலேயே தோன்றுவதும் உண்டு.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட அடையாளம் அல்ல. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ், மார்புக்கூட்டில் சீழ் தேங்கிய நோயாளியிடம் நகங்கள் வளைந்திருப்பதை 2,400 ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்துள்ளார். இதனால் ‘ஹிப்போகிரட்டீஸ் விரல்கள்’ என்ற பெயரும் இதற்கு உண்டு.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ‘வைர இடைவெளி’ சோதனை

கிளப்பிங்கை அறிய எளிய சோதனை ஒன்று உள்ளது. இரு கைகளின் சுட்டுவிரல்களை மடக்கி, நகத்தோடு நகம் ஒட்டுமாறு நுனிக் கணுக்களை முதுகுப்புறமாகச் சேர்த்து வைக்க வேண்டும். இயல்பான விரல்களில், இரு நகங்களின் அடிப்பகுதிக்கு இடையே வைர வடிவில் சிறிய இடைவெளி தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அதன் வழியே ஒளி வரும். கிளப்பிங் இருந்தால் தடித்த திசு அந்த இடைவெளியை அடைத்துவிடும்.

இதற்கு ‘ஷாம்ராத் சோதனை’ என்று பெயர். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த இதயநோய் நிபுணர் லியோ ஷாம்ராத், 1976-ஆம் ஆண்டில் இதை மருத்துவ இதழில் வெளியிட்டார். அவர் இதை நோயாளிகளிடம் கண்டுபிடிக்கவில்லை. இதய வால்வில் கிருமித்தொற்று ஏற்பட்டு அவதிப்பட்டபோது, தம் சொந்த விரல்களில் அந்த இடைவெளி மறைந்ததையும், குணமானபின் அது திரும்பி வந்ததையும் அவரே கவனித்து எழுதினார்.

கண்ணால் பார்ப்பதில் இரு மருத்துவர்களுக்கு இடையே கருத்து வேறுபாடு வரலாம் என்பதால், அளந்து பார்க்கும் முறையும் உள்ளது. வெர்னியர் காலிபர் கருவியைக் கொண்டு சுட்டுவிரலின் தடிமனை, மேலிருந்து கீழாக, இரண்டு இடங்களில் அளக்கின்றனர். ஒன்று நகம் தொடங்கும் இடம். மற்றொன்று நகத்துக்குப் பின்னால் உள்ள முதல் மூட்டு. இயல்பாக மூட்டுதான் தடிமனாக இருக்கும். எனவே முதல் அளவை இரண்டாவதால் வகுத்தால் விடை 1-க்குக் குறைவாக வரும். விடை 1-ஐத் தாண்டினால் கிளப்பிங் என்று கொள்ளப்படுகிறது.

நெஞ்சில் நோய் இருந்தால் விரல் ஏன் பருக்கிறது?

உடலில் ஆக்சிஜன் குறைவதால்தான் இது வருகிறது என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால் ஆக்சிஜன் அளவு மிகவும் குறைந்த சிஓபிடி நோயாளிகளின் விரல்கள் இயல்பாகவே இருக்கின்றன. ஆக்சிஜன் அளவு முற்றிலும் சரியாக உள்ள நுரையீரல் புற்றுநோயாளியிடம் கிளப்பிங் காணப்படுகிறது. ஆகவே ஆக்சிஜன் குறைபாடு மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

இப்போது அதிகம் ஏற்கப்படும் விளக்கம், 1987-ஆம் ஆண்டில் பிரிட்டன் ஆய்வாளர்கள் டிக்கின்சன், மார்ட்டின் ஆகியோர் முன்வைத்தது. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், எலும்பு மஜ்ஜையில் உருவாகும் மிகப்பெரிய தாய்ச் செல்களிலிருந்து உடைந்து பிறப்பவை. அந்தப் பெரிய செல்களில் பல இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைந்து, அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களில் சிக்கி, சிறு தட்டணுக்களாக உடைகின்றன. ஒரு வகையில் நுரையீரல் இங்கே சல்லடையாகச் செயல்படுகிறது.

நோயால் இந்தச் சல்லடை சிதைந்தாலோ, இரத்தம் நுரையீரலைத் தொடாமலே மாற்றுப் பாதையில் சென்றாலோ, உடையாத பெரிய துண்டுகள் உடல் முழுவதும் பயணித்து விரல் நுனிகளின் நுண்குழாய்களில் போய்த் தங்கிவிடுகின்றன. அங்கே அவை வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களை வெளியிடுகின்றன. அதனால் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, திசு தடிக்கிறது, நீர் கோக்கிறது. விரல் நுனி பஞ்சு போல் ஆவதற்கு இதுவே காரணம் எனக் கருதப்படுகிறது. சில புற்றுநோய்க் கட்டிகள் இதே புரதங்களைத் தாமே சுரப்பதும் அறியப்பட்டுள்ளது.

சிஓபிடி நோயாளிக்கு கிளப்பிங்: விடக்கூடாத எச்சரிக்கை

சிஓபிடி, நுரையீரல் புற்றுநோய் ஆகிய இரண்டுக்கும் முக்கியக் காரணம் ஒன்றே: புகை. இரண்டிலும் இருமல் உண்டு, மூச்சிரைப்பு உண்டு. ஆகையால் முதல் நோயின் பெயரைப் பெற்றுவிட்ட ஒருவரிடம் இரண்டாவது நோய் தொடங்கும்போது, அந்த அறிகுறிகள் பழைய கணக்கிலேயே சேர்க்கப்பட்டு விடுகின்றன. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டக்கூடிய சில அடையாளங்களில் கிளப்பிங் ஒன்று.

உடற்பரிசோதனை அடையாளங்களின் நம்பகத்தன்மையை ஆராய்ந்த கட்டுரை ஒன்று, 2001-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. அதன்படி, மேலே கூறிய விரல் தடிமன் விகிதம் 1-ஐத் தாண்டுவது, நுரையீரல் புற்றுநோய் இல்லாத சிஓபிடி நோயாளிகளைவிட, புற்றுநோய் உள்ள சிஓபிடி நோயாளிகளிடம் ஏறக்குறைய 4 மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. இது புற்றுநோயை உறுதி செய்யும் சோதனை அன்று. ஆனால் எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோ எடுக்காமல் அந்த நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்கு இது போதுமான காரணம்.

நுரையீரல் புற்றுநோயிலும் எல்லா வகைகளிலும் இது ஒரே அளவில் வருவதில்லை. ‘சிறு செல் அல்லாத’ வகைகளில்தான் அதிகம் காணப்படுகிறது. வேகமாகப் பரவும் ‘சிறு செல்’ வகையில் குறைவு.

ஒரு நோயாளியின் வழியே புரிந்துகொள்வோம்

மருத்துவமனைகளில் வழக்கமாகக் காணப்படும் போக்கைக் காட்ட, கற்பனையான ஒருவரை எடுத்துக்கொள்வோம். கான்பூரைச் சேர்ந்த லாரி ஓட்டுநர், வயது 56, 30 ஆண்டுகளாகப் பீடி புகைப்பவர். 4 ஆண்டுகளுக்கு முன்பே அவருக்கு சிஓபிடி என்று சொல்லப்பட்டு, இன்ஹேலர் பயன்படுத்தி வருகிறார். இருமல் அவருக்குப் பழகிப்போன ஒன்று.

கடந்த 5 மாதங்களாக அவருக்குக் கணுக்கால்களிலும் மணிக்கட்டுகளிலும் ஆழமான வலி. இரவில் அதிகமாகிறது, கணுக்கால்கள் வீங்குகின்றன. மூட்டுவாதம் என்று கருதி வலி மாத்திரைகளை விழுங்குகிறார். மாத்திரை சாப்பிட்டால் குறைகிறது. நிறுத்தினால் திரும்பி வருகிறது. இதற்கிடையே, அவரது விரல் நகங்கள் கிளிமூக்கு போல வளைந்திருப்பதை முதலில் கவனிப்பவர் அவருடைய மனைவி.

மார்பு நோய் மருத்துவர் அவரது விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்க்கிறார்: ஆக்சிஜன் அளவு 96 விழுக்காடு. கொரோனா காலத்தில் ஆக்சிமீட்டருக்குப் பழகிய குடும்பத்தினர் இதைக் கண்டு நிம்மதி அடைகின்றனர். மருத்துவர் அத்துடன் நிறுத்துவதில்லை. ஷாம்ராத் சோதனையில் வைர இடைவெளி இல்லை. காலிபரில் அளந்தால் நகத்தின் அடியில் 19 மில்லிமீட்டர், மூட்டில் 17 மில்லிமீட்டர். விகிதம் 1.12. சிஓபிடி இதை விளக்காது என்பதால், அன்றே மார்பு எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது. வலது நுரையீரலின் மேற்பகுதியில் சுமார் 4 சென்டிமீட்டர் அளவில் நிழல் ஒன்று தெரிகிறது.

இந்தியாவில் அடுத்த தவறு நிகழக்கூடிய இடம் இது. நுரையீரலின் மேற்பகுதி காசநோய் வழக்கமாகத் தாக்கும் இடம். காசநோய் மிகுந்த நாட்டில், நிழலைப் பார்த்தவுடன் அந்த எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் சளியில் கிருமி உள்ளதா என்று உறுதி செய்யாமலே காசநோய் மாத்திரைகளைத் தொடங்கி, ‘சில மாதம் பார்க்கலாம்’ என்று காத்திருந்தால், புற்றுநோய்க்கு அந்த மாதங்கள் கிடைத்துவிடுகின்றன. நமது ஓட்டுநரின் சளி, கிருமியின் மரபணுவைத் தேடும் ‘சிபிநாட்’ சோதனைக்கு அனுப்பப்படுகிறது. காசநோய்க் கிருமி இல்லை என்று முடிவு வருகிறது. உடனே சிடி ஸ்கேன், அதன் வழிகாட்டுதலில் ஊசி மூலம் திசு எடுத்தல் ஆகியவை நடக்கின்றன. சிறு செல் அல்லாத வகைப் புற்றுநோய் என்பது உறுதியாகிறது.

அப்படியானால் மூட்டுவலி? அவரது கால்களின் எக்ஸ்ரேயில் மூட்டுகள் தேயவில்லை. மாறாக, முழங்காலுக்குக் கீழே உள்ள நீண்ட எலும்பின் மேற்பரப்பில், மெழுகு வழிந்து படிந்தது போலப் புதிய எலும்புப் படலம் தெரிகிறது. கிளப்பிங்கின் முற்றிய வடிவம் இது. விரல் நுனியில் நடந்த அதே வளர்ச்சி, எலும்பைச் சுற்றிய உறையிலும் நடக்கிறது. ஆகவே அவர் 5 மாதம் மாத்திரை விழுங்கிய ‘மூட்டுவாதம்’ உண்மையில் நுரையீரலிலிருந்து வந்தது. பெரியவர்களிடம் இந்த எலும்பு மாற்றத்துக்கு மிக முக்கியமான காரணம் நுரையீரல் புற்றுநோயே.

நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவவில்லை என்பதை பெட் ஸ்கேனும், அறுவை சிகிச்சையைத் தாங்கும் அளவுக்கு மூச்சுத்திறன் உள்ளது என்பதை நுரையீரல் செயல்திறன் சோதனையும் காட்டுகின்றன. நுரையீரலின் அந்த மடல் அகற்றப்படுகிறது. இத்தகைய நோயாளிகளிடம், கட்டி அகற்றப்பட்ட சில நாட்களிலேயே மூட்டுவலி மறைந்துபோவது மருத்துவர்கள் நன்கு அறிந்த நிகழ்வு. விரல்கள் பழைய வடிவுக்குத் திரும்ப மாதங்கள் ஆகும்.

எல்லோரும் இந்த அளவுக்கு நல்ல நிலையில் வருவதில்லை. நோய் பரவிய பிறகு வருபவர்களுக்கு அறுவை சிகிச்சை பலன் தராது. மருந்து, கதிர்வீச்சு ஆகிய வழிகளே இருக்கும். 5 மாதம் முன்பே யாரேனும் விரல்களைப் பார்த்திருந்தால், அந்த 5 மாதங்கள் சிகிச்சைக்குக் கிடைத்திருக்கும்.

சீழும் சளியும்: கிளப்பிங் தரும் தொற்று நோய்கள்

கிளப்பிங் என்றாலே புற்றுநோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. நுரையீரலில் நெடுநாள் சீழ் தேங்கும் நோய்களும் இதற்கு முக்கியக் காரணங்கள். நுரையீரல் சீழ்க்கட்டி, நுரையீரலைச் சுற்றிய உறையில் சீழ் தேங்குதல், மூச்சுக்குழாய் விரிவு நோய் ஆகியவை இவற்றில் அடங்கும். பிறவியிலேயே சளி மிகவும் கெட்டியாகச் சுரக்கும் ‘சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்’ நோயுள்ள குழந்தைகளிடமும் கிளப்பிங் காணப்படுகிறது.

இந்தியாவில் இவற்றுள் கவனிக்கத்தக்கது மூச்சுக்குழாய் விரிவு நோய். பழைய தொற்றினால் சேதமடைந்த மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து, அவற்றில் சளி தேங்கி, மீண்டும் மீண்டும் கிருமி தாக்குவதே இந்நோய். தினமும், குறிப்பாகக் காலையில், நிறைய சளி வருவதும், அது மஞ்சளாகவோ பச்சையாகவோ இருப்பதும், சில வேளைகளில் இரத்தம் கலந்து வருவதும் இதன் அடையாளங்கள். இந்தியாவில் இந்நோய் உள்ள 2,195 பேரின் விவரங்களைத் தொகுத்து 2019-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு முன்பு வந்த காசநோயே காரணமாக இருந்தது தெரியவந்தது.

காசநோய்க்கும் கிளப்பிங்குக்கும் உள்ள உறவு இதனால் தெளிவாகும். புதிதாக வந்த, சிக்கலற்ற காசநோயில் கிளப்பிங் வழக்கமான அடையாளம் அல்ல. நெடுநாள் நீடித்து நுரையீரலைச் சிதைத்த நோயிலோ, குணமானபின் அது விட்டுச்சென்ற மூச்சுக்குழாய் விரிவிலோ அது தோன்றலாம். ஆகவே காசநோய்க்கு முழு சிகிச்சை பெற்று முடித்த ஒருவரின் விரல்கள் பருத்து, சளியும் தொடர்ந்தால், காசநோய் திரும்பிவிட்டது என்று நேராக முடிவுகட்டி மாத்திரைகளை மீண்டும் தொடங்குவது சரியல்ல. சளிப் பரிசோதனையுடன் சிடி ஸ்கேனும் தேவைப்படும்.

தழும்பேறும் நுரையீரல்

மூன்றாவது பெரிய காரணம், நுரையீரல் திசு தழும்பேறித் தடித்து இறுகும் நோய்கள். காரணம் அறியப்படாமல், பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் நுரையீரல் நார்த்திசு நோய் இவற்றில் முதன்மையானது. இந்நோயாளிகளில் சுமார் கால் பங்கு முதல் பாதிப் பேர் வரை கிளப்பிங் காணப்படுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களுக்கு வரும் தழும்பு நோயும், புறா எச்சம், பூஞ்சை போன்றவற்றைத் தொடர்ந்து சுவாசிப்பதால் வரும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சி முற்றிய நிலையும் இதே வகையைச் சேர்ந்தவை.

இவர்களின் கதை புற்றுநோயாளியின் கதையிலிருந்தும் சளி நோயாளியின் கதையிலிருந்தும் வேறுபட்டது. இருமல் வறட்டு இருமலாக இருக்கும். உட்கார்ந்திருக்கும்போது தொல்லை இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அது மாதத்துக்கு மாதம் கூடும். முதுகின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், ஒட்டுப்பட்டையைப் பிரிப்பது போன்ற சரசரப்பு கேட்கும். தொடக்கத்தில் எக்ஸ்ரே இயல்பாகவே தோன்றலாம் என்பதால், நுண்துல்லிய சிடி ஸ்கேன் எடுக்காமல் இந்நோயை இல்லை என்று சொல்ல முடியாது. தழும்பேறிய நுரையீரலில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுதல். எனவே ஏற்கெனவே நார்த்திசு நோய் உள்ளவரின் விரல்கள் திடீரெனப் பருக்கத் தொடங்கினால், புற்றுநோயையும் தேட வேண்டும்.

இதயம் காரணமாகும்போது

மார்புக்கூட்டில் நுரையீரலுக்கு அடுத்த காரணம் இதயம். பிறவி இதயக் குறைபாடுகளில், நீல நிறம் பாய்ந்த குழந்தைகளிடம் கிளப்பிங் தெளிவாகத் தெரியும். இதய அறைகளுக்கு இடையே உள்ள துளை வழியாக, இரத்தம் நுரையீரலுக்குச் செல்லாமலே உடலுக்குப் போய்விடுவதுதான் காரணம். முன்பு சொன்ன சல்லடை இங்கே முழுவதுமாகத் தவிர்க்கப்படுகிறது. பிறந்தவுடன் இது தெரியாது. பல மாதங்கள் கழித்தே விரல்கள் மாறும். அழும்போது உதடும் நகமும் நீலமாவதும், ஓடி விளையாடும் குழந்தை இடையில் குத்துக்கால் இட்டு உட்காருவதும் உடன் காணப்படும் அடையாளங்கள்.

இதய வால்வில் கிருமித்தொற்று ஏற்பட்டு வாரக்கணக்கில் காய்ச்சல் நீடிப்பவர்களிடமும் கிளப்பிங் தோன்றலாம். ஷாம்ராத்துக்கு நேர்ந்தது இதுவே. மேலும், கை விரல்கள் இயல்பாக இருந்து கால் விரல்களில் மட்டும் கிளப்பிங்கும் நீலமும் தெரிந்தால், பிறந்தவுடன் மூடியிருக்க வேண்டிய பெருநாள இணைப்புக் குழாய் மூடாமல், நுரையீரல் இரத்த அழுத்தம் மிகவும் உயர்ந்துவிட்டதை அது காட்டுகிறது. கை விரல்களோடு கால் விரல்களையும் மருத்துவர் பார்ப்பது இதனால்தான்.

கிளப்பிங் சொல்லாதவை

இந்த அடையாளத்துக்கு எல்லைகள் உண்டு. முதலாவது, விரல்கள் இயல்பாக இருப்பதால் நுரையீரல் புற்றுநோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. புற்றுநோயாளிகளில் பலருக்கு கிளப்பிங் வருவதே இல்லை. புகைபிடிப்பவருக்கு இருமலின் தன்மை மாறினாலோ, சளியில் இரத்தம் வந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, வைர இடைவெளி தெரிகிறது என்று ஆறுதல் அடைந்து காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது, நோயே இல்லாமலும் கிளப்பிங் இருக்கலாம். சில குடும்பங்களில் இது பரம்பரையாக வருகிறது. தந்தைக்கும் அண்ணனுக்கும் இதே விரல்கள், இளவயதிலிருந்தே இப்படித்தான் என்றால், அது தீங்கற்றதாக இருக்க வாய்ப்பு அதிகம். எனவே மருத்துவர் கேட்கும் முக்கியமான கேள்வி, ‘எப்போதிலிருந்து இப்படி?’ என்பதே. அதற்கு விடை தெரியாவிட்டால் பழைய புகைப்படங்கள் உதவும்.

மூன்றாவது, மார்புக்கு வெளியேயும் காரணங்கள் உள்ளன. கல்லீரல் இறுக்க நோய், நாள்பட்ட குடல் அழற்சி, தைராய்டு மிகைச் சுரப்பின் ஒரு வகை ஆகியவற்றிலும் கிளப்பிங் வரலாம். ஒரு கையில் மட்டும், அல்லது ஒரே விரலில் மட்டும் இருந்தால், அந்தக் கையின் இரத்தக் குழாயிலோ அந்த விரலின் பழைய காயத்திலோ காரணம் இருக்கலாம்; டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்கள் இணைக்கப்பட்ட கையில் இப்படி வருவதுண்டு.

விரல் மாறியிருப்பதாகத் தோன்றினால் என்ன செய்வது?

கிளப்பிங்குக்கென்று தனி மருந்து கிடையாது. நகத்துக்குச் சிகிச்சை செய்வதாலும் பயன் இல்லை. அடிப்படை நோயைக் கண்டறிந்து குணப்படுத்துவதே சிகிச்சை. சீழ்க்கட்டி குணமானாலும், கட்டி அகற்றப்பட்டாலும், இதயக் குறைபாடு சரிசெய்யப்பட்டாலும் விரல்கள் படிப்படியாக இயல்புக்குத் திரும்பக்கூடும்.

மருத்துவரைச் சந்திக்கும்போது நான்கு தகவல்களைத் தெளிவாகச் சொல்வது உதவும். விரல்கள் எப்போது மாறத் தொடங்கின. குடும்பத்தில் வேறு யாருக்காவது இது உண்டா. எத்தனை ஆண்டுகள் புகைபிடித்தீர்கள் அல்லது தூசியில் வேலை செய்தீர்கள். கணுக்கால், மணிக்கட்டு, முழங்கால்களில் புதிதாக வலி உண்டா. கடைசிக் கேள்வியை எலும்பு மருத்துவரிடம் மட்டும் சொல்லிவிட்டு, மார்பு மருத்துவரிடம் சொல்லாமல் விடுவோர் பலர். பழைய எக்ஸ்ரே படங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். புதிய படத்தில் தெரியும் நிழல் பழையதா, புதியதா என்பதை அவையே சொல்லும்.

புதிதாகத் தோன்றிய கிளப்பிங்குக்கு முதல் பரிசோதனை, செலவு குறைந்த மார்பு எக்ஸ்ரே. அது இயல்பாக இருந்தாலும், புகைபிடித்தவர்களுக்கும் மூச்சிரைப்பு கூடிவருபவர்களுக்கும் சிடி ஸ்கேன் பரிந்துரைக்கப்படலாம். ‘உங்களுக்கு ஏற்கெனவே சிஓபிடி இருக்கிறது, அதனால்தான்’ என்ற விளக்கம் கிடைத்தால், அந்த நோயில் விரல் பருக்குமா என்று நோயாளியே மருத்துவரிடம் கேட்கலாம்.

(இந்தத் தொகுப்பில் உள்ள தகவல்கள் பொதுவான புரிதலுக்காக மட்டுமே. அறிகுறிகள் இருந்தால் மருத்துவரை நேரில் அணுகி ஆலோசனை பெற வேண்டும்.)